நனைந்த பைப்புக்குள் ஒரு டம்ளர் தண்ணீர்

கேள்வி: சார், கொழிஞ்சாம்பாறை பக்கத்துல இருந்து எழுதுறேன். கஞ்சிக்கோட்டுல ஒரு ஸ்டீல் கம்பெனியில, மூணு டன் இன்டக்‌ஷன் ஃபர்னஸ்ல ஸ்க்ராப் போடுற வேலை. எட்டு மாசம் ஆச்சு. ஷீட் ஒழுகி ஃபர்னஸ் மேல மழைத்தண்ணி சொட்டுறப்ப சொய்ங்னு ஆவியாகிப் போயிடுது, ஒண்ணும் ஆகல. ஆனா போன வாரம் நைட் ஷிஃப்ட்ல யார்டுல நனைஞ்சு கிடந்த ஒரு பீஸைப் போட்டதும் டமார்னு இரும்பு மேல அடிச்சிருச்சு. நல்ல வேளை, யாருக்கும் படல. ஃபோர்மேன், நனைஞ்சது காஞ்சாப் போதும், பயப்படாதேங்கறார். எது சரி? அப்புறம், குடுத்த சில்வர் கோட்டு போட்டா வேகுது. கழுத்துல தோர்த்தை நனைச்சுப் போட்டுக்கலாமா?

பதில்:

தம்பி, நீங்கள் பார்த்த இரண்டும் உண்மைதான். ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிவதற்குக் காரணம், தண்ணீர் எங்கே இருந்தது என்பது. மேலே விழுந்த தண்ணீருக்கு ஆவியாகி ஓட வானம் முழுக்க இடம் இருந்தது. அந்த பீஸோடு உள்ளே போன தண்ணீருக்கு இடமே இல்லை. முதலில் இந்த ஒன்றைத் தெளிவாக்கிவிட்டுக் கோட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் வெடித்த பிறகு கோட்டு காப்பாற்றுவதைவிட வெடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய காப்பு.

நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் துளி உடனே ஆவியாகாமல் உருண்டு உருண்டு ஓடுமே, பார்த்திருப்பீர்கள். துளிக்கு அடியில் ஆவி ஒரு மெத்தை மாதிரி நின்று அதைத் தூக்கிப் பிடித்திருக்கும், சூடு நேராகத் துளிக்குள் இறங்காது. உருகிய இரும்பின் மேல் விழும் மழைத்துளிக்கும் அதேதான் நடக்கிறது. சிறு துளி, ஆவி மெத்தை, மேலே திறந்த வெளி. அதனால் சொய்ங் என்று போய்விடுகிறது. ஆனால் இதை வைத்து ஒழுகலைச் சும்மா விடக்கூடாது. சொட்டு தாரையானாலும், மேலே கசடு ஏடு கட்டி அதன் பள்ளத்தில் தண்ணீர் தேங்கினாலும், அந்த ஏடு உடைந்து தண்ணீர் இரும்புக்குள் அமுங்கும் கணத்தில் கதை மாறிவிடும். மெத்தை கிழிந்து இரும்பும் தண்ணீரும் நேருக்கு நேர் தொட்டால் இரண்டும் பொடிப்பொடியாகச் சிதறி ஒன்றோடு ஒன்று கலக்கும். அப்போது எல்லாத் தண்ணீரும் கண் இமைப்பதற்குள் ஆவியாகிவிடும்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டம்ளர் தண்ணீர், 200 மில்லி. கொதித்து ஆவியானால் கிட்டத்தட்ட 1,700 மடங்கு விரிந்து 340 லிட்டர் ஆகும். இது வெறும் 100 டிகிரியில். இரும்புக்குள் அந்த ஆவி 1,500 டிகிரி வரைக்கும் சூடேறினால் 1,600 லிட்டர் ஆகிவிடும். உங்கள் மூன்று டன் ஃபர்னஸில் நிறைய நிற்கும் இரும்பு எவ்வளவு? உருகிய இரும்பு லிட்டருக்கு ஏழு கிலோ வரும், ஆக முழுக் குளமும் 430 லிட்டர்தான். மூன்று டன் இரும்பின் அளவைப்போல மூன்றரை மடங்குக்கு மேல் ஆவி அந்தக் குளத்துக்கு அடியிலிருந்து ஒரே நொடிக்குள் வெளியே வரப் பார்க்கிறது. அதற்கு மேலே போகும் வழி ஒன்றுதான், போகும்போது இரும்பையும் தூக்கிக்கொண்டு போகும். இதோடு, சூட்டு இரும்பு தண்ணீரிலிருந்து ஆக்ஸிஜனைப் பிடுங்கிக்கொண்டு ஹைட்ரஜனை வெளியே விடும். அதுவும் மேலே வந்து எரியும். ஃபர்னஸ் வாயில் திடீரென்று பெரிய தீ நாக்கு தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எனக்கு இது புத்தகத்தில் படித்த விஷயம் மட்டும் இல்லை. நான் ஃபர்னஸ் ஷாப்பில் என்ஜினீயராக இருந்த காலத்தில், வாளையாருக்கு இந்தப் பக்கம் ஒரு ஆலை. இடவப்பாதி மழை பிடித்துப் பத்து நாள் இருக்கும். யார்டுக்குக் கூரை கிடையாது, மேலே தார்ப்பாய் போட்டிருந்தார்கள், காற்று அதைப் பாதி தூக்கிவிட்டது. பாலக்காட்டுக் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரவு ஷிஃப்டில் மூன்றாவது ஹீட், அதாவது மூன்றாம் முறை ஃபர்னஸை நிரப்பி உருக்குவது, முக்கால்வாசி உருகியாகிவிட்டது. கடைசியாக இரண்டு கூடை பழைய தண்ணீர்க் குழாய் பைப்பு போட வேண்டும். மேலே காய்ந்துதான் இருந்தது, கையால் தொட்டுப் பார்த்தே ஏற்றினார்கள். முதல் கூடை போனது. இரண்டாவது கூடையில் நாலைந்து பைப்பு விழுந்ததும் முதலில் ஒரு சின்ன 'டப்', உடனே பெரிய சத்தம். நான் பேனல் அறையில் இருந்தேன். கண்ணாடி அதிர்ந்தது, விளக்கு அணைந்தது மாதிரி இருந்தது, அது விளக்கு இல்லை, புகை. வெளியே ஓடி வந்து பார்த்தபோது மேல்தளம் முழுக்கச் சிவப்பு மணிகள் உருண்டுகொண்டிருந்தன. மறுநாள் பகலில் ஏணி போட்டு ஏறிப் பார்த்தோம், முப்பது அடி உயரக் கூரை ஷீட்டின் உள்பக்கம் இரும்பு சொட்டுச் சொட்டாக ஒட்டியிருந்தது.

ஒருவருக்குக் காலில் பட்டது. மழை என்பதால் கம்பூட் போட்டிருந்தார், ரப்பர் பூட்ஸ். பேண்ட்டைப் பூட்ஸுக்குள் சொருகியிருந்தார். ஒரு கைப்பிடி அளவு இரும்பு பூட்ஸ் வாய்க்குள் இறங்கிவிட்டது. பூட்ஸைக் கழற்ற முடியவில்லை, ரப்பர் உருகிக் காலோடு ஒட்டிக்கொண்டது. கழற்றுவதற்குள் கணுக்கால் வரைக்கும் போய்விட்டது. அவர் திரும்ப வேலைக்கு வர ஏழு மாதம் ஆயிற்று, வந்த பிறகும் நிற்கும் வேலை பார்க்க முடியவில்லை.

காரணம் என்ன என்று தேட அடுத்த நாள் அதே லோடில் மிச்சமிருந்த பைப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். பெரும்பாலானவை இரண்டு பக்கமும் திறந்தவை, பிரச்சினை இல்லை. ஆனால் பத்துப் பன்னிரண்டு பைப்பின் முனைகள் பிரஸ்ஸில் நசுங்கித் தட்டையாகியிருந்தன. பார்த்தால் மூடியது மாதிரி இருக்கும், ஆனால் அந்தத் தட்டை மடிப்பில் காகிதம் நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கும். மழைத்தண்ணீர் அந்த வழியாக உள்ளே போய்விட்டது, வெளியே வரத்தான் வழி இல்லை. ஒன்றை ஹேக்சாவால் அறுத்தோம். ரம்பம் பாதி இறங்கியதும் கலங்கலான செம்மண் நிறத் தண்ணீர் தாரையாக வழிந்தது, கீழே வைத்திருந்த பெயிண்ட் டப்பாவில் பிடித்தேன், ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு அங்குலத் துளையுள்ள இரண்டடி பைப்பு முழுக்க நிறைந்தால் 300 மில்லி பிடிக்கும், ஆகவே ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வெளியே பைப்பு எலும்பு மாதிரிக் காய்ந்திருந்தது.

உங்கள் ஃபோர்மேனுக்கு என் பதில் இதுதான். 'காய்ந்தால் போதும்' என்பது திறந்த துண்டுக்கு மட்டும் பொருந்தும். தகடு, கம்பி, ஆங்கிள் எல்லாம் கூரைக்குக் கீழே ஒரு நாள் கிடந்தால் மேல்ஈரம் போய்விடும். மூடிய துண்டு ஒரு மாதம் வெயிலில் கிடந்தாலும் உள்ளே அப்படியே இருக்கும். அதைத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஃபர்னஸ் மேடையில் வைத்துச் சூடாக்கிக் காயவைக்கலாமே என்று தோன்றும். அதுவும் மூடிய துண்டுக்கு ஆகாது, சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி அது மேடையிலேயே வெடிக்கும்.

யார்டில் எதைத் தேட வேண்டும் என்றால், நசுங்கிய முனை உள்ள பைப்பு, இரண்டு பக்கமும் வெல்டு அடித்த சட்டக் குழாய், ஸ்கூட்டர் ஷாக் அப்சார்பர், ஹைட்ராலிக் ஜாக், காஸ் சிலிண்டர், ஏரோசால் டப்பா, மூடியோடு வந்த எண்ணெய் டின். ஷாக் அப்சார்பரில் தண்ணீர் இல்லாவிட்டாலும் எண்ணெயும் வாயுவும் இருக்கும், விளைவு ஒன்றுதான். இவற்றைக் காஸ் கட்டர் வைத்துத் திறக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே மிச்ச வாயு இருந்தால் வெட்டுபவருக்கே ஆபத்து. தண்ணீர் மட்டும் இருக்கும் பைப்புக்கு ஹேக்சா, கத்தரி. சிலிண்டர், ஷாக் அப்சார்பர், ஏரோசால் மாதிரி வாயு உள்ளவை திறக்காமல் திருப்பி வியாபாரிக்கு. திருப்பி அனுப்புவதுதான் நல்லது, இரண்டு லோடு திரும்பினால் மூன்றாவது லோடில் அவரே பிரித்து அனுப்புவார்.

இன்னொன்று பேல். பிரஸ்ஸில் அழுத்திக் கட்டிய கட்டு, வெளியே காய்ந்து தெரியும், உள்ளே பஞ்சு மாதிரித் தண்ணீரை வைத்துக்கொண்டிருக்கும். கடைசல் போரிங்கும் அப்படித்தான், லேத்திலிருந்து வரும்போதே கூலன்டோடு வரும். பிடித்துப் பிழிந்து பாருங்கள், விரலில் பிசுபிசுப்பு இருந்தால் அது காயவில்லை. துரு ஏறிய இரும்பும் கொஞ்சம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், துருப்பொடி நிறைய உள்ள ஸ்க்ராப்பையும் நம்பக்கூடாது.

அப்புறம் எப்போது போடுகிறோம் என்பது. ஃபர்னஸ் காலியாக இருக்கும்போது, அல்லது அடியில் குளம் கட்டுவதற்கு முன்னால், கொஞ்சம் சந்தேகமான திறந்த ஸ்க்ராப்பைப் போட்டுப் பவரை மெதுவாக ஏற்றினால், ஈரம் ஆவியாகி மேலே போக நேரம் கிடைக்கும். குளம் கட்டிய பிறகு அதே ஸ்க்ராப் போனால் நேராக இரும்புக்குள் மூழ்கும். ஆகவே மழைக்காலத்தில் ஒரு ஹீட்டுக்கு வேண்டிய ஸ்க்ராப்பை இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். கூரைக்குள் காய்ந்த கனமான, நிச்சயம் திறந்த துண்டுகள் எல்லாம் கடைசிக்கு. சந்தேகமான திறந்தவை ஆரம்பத்துக்கு. மூடியவை எதிலும் இல்லை. இதற்குச் செலவே இல்லை, யார்டில் ஒரு கோடு கிழித்தால் போதும். நிஜமான தீர்வு என்று கேட்டால் கூரை, தரையை ஒரு அடி உயர்த்திய சிமென்ட் மேடை, முடிந்தால் போடும் முன் 200, 300 டிகிரிக்குச் சூடாக்கும் ட்ரையர். ட்ரையர் வைத்திருக்கும் ஆலைகள் மின்சாரத்திலும் கொஞ்சம் மிச்சம் பிடிக்கின்றன, முதலாளியிடம் பேசும்போது அந்தப் பக்கத்திலிருந்து பேசிப் பார்க்கலாம்.

முன்கூட்டியே தெரியுமா என்றால், பல சமயம் தெரியும். போன வாரம் உங்களுக்கு அடித்ததே எச்சரிக்கைதான். துண்டு விழும்போது கடுகு வெடிப்பது மாதிரி 'சட் சட்' என்று கேட்டால், ஃபர்னஸ் வாயில் கிடக்கும் ஸ்க்ராப்பிலிருந்து வெள்ளைப் புகை மேலே வந்தால், சின்னப் பொறிகள் வழக்கத்தைவிட உயரமாகத் துள்ளினால், அந்த லோடில் ஈரம் இருக்கிறது. உடனே போடுவதை நிறுத்தி வாயிலிருந்து விலகுங்கள். கம்பியால் உள்ளே குத்தித் தள்ளுவது மட்டும் வேண்டாம். பாதியில் தொங்கும் துண்டு தானாகக் காய்ந்துகொண்டிருக்கும், அதைத் தள்ளி அமுக்கும் கைதான் அந்தத் தண்ணீரை இரும்புக்கு அடியில் கொண்டுபோகிறது. அந்தக் கம்பி, சாம்பிள் எடுக்கும் கரண்டி, கசடு வாரும் கம்பி எல்லாமே உள்ளே போகும் முன் ஃபர்னஸ் விளிம்பில் சிறிது நேரம் சூடேறிக் காய்ந்திருக்க வேண்டும். மழையில் வாசலுக்கு வெளியே சாய்த்து வைத்திருந்த கம்பியை எடுத்து நேராக உள்ளே விடுவதை நிறைய இடத்தில் பார்த்திருக்கிறேன், அது போதும் ஒரு கை முழங்கை வரைக்கும் வேக.

உங்கள் பக்கத்து மண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஃபர்னஸுக்குக் கீழே ஒரு குழி இருக்கும், ஃபர்னஸின் உள்பூச்சான லைனிங்கில் ஓட்டை விழுந்தாலோ, உருகிய இரும்பைப் பிடிக்கும் பாத்திரமான லேடில் கொட்டினாலோ இரும்பு போய் நிற்க. அந்தக் குழி எப்போதும் காய்ந்த மணலோடு இருக்க வேண்டும். கஞ்சிக்கோட்டிலும் சித்தூர்ப் பக்கமும் வயலை மேடாக்கிக் கட்டிய ஷெட்டுகள் நிறைய. மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறி, மேலே ஒரு துளி விழாமலேயே குழி அடியில் ஊறும். ஷிஃப்ட் ஆரம்பத்தில், ஃபர்னஸில் இரும்பு இல்லாத நேரம் பார்த்து, மேலிருந்து நாலு விரல் ஆழத்துக்கு மணலைத் தோண்டி ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் காய்ந்திருக்கிறது. உருண்டையாக நின்றால் ஈரம், அன்றைக்கு ஹீட் ஆரம்பிக்கும் முன் மணலை மாற்ற வேண்டும். வெறும் சிமென்ட் தரையும் பத்திரமில்லை, கான்கிரீட்டுக்குள் ஈரம் உண்டு, உருகிய இரும்பு நேராகப் பட்டால் தரையே சில்லுச் சில்லாகத் தெறிக்கும். லேடில் புதிதாக லைனிங் பூசியிருந்தால் உள்ளே சிவக்கும் வரைக்கும் பர்னர் வைத்துக் காயவைக்காமல் இரும்பு பிடிக்கக்கூடாது. பிடித்தால் லேடிலுக்குள் பால் பொங்குவது மாதிரி இரும்பு பொங்கும்.

இன்டக்‌ஷன் ஃபர்னஸில் இன்னொரு தண்ணீர் இருக்கிறது, ஃபர்னஸைச் சுற்றியிருக்கும் செப்புக் காயிலுக்குள் ஓடும் கூலிங் தண்ணீர். லைனிங் தேய்ந்து இரும்பு காயிலைத் தொட்டால் என்ன ஆகும் என்று இப்போது உங்களுக்கே தெரியும். அதைக் கண்டுபிடித்துப் பவரை நிறுத்தத்தான் கிரவுண்ட் லீக் அலாரம். அது அடிக்கடி அடிக்கிறது என்று யாராவது ஒயரைக் கழற்றி வைத்திருந்தால் அன்றைக்கு மேல்தளத்துக்கு ஏறாதீர்கள். இதில் நான் சமாதானம் பேச மாட்டேன்.

சரி, கழுத்தில் போடும் துண்டு. நனைத்துப் போடாதீர்கள், தம்பி. ஃபர்னஸ் பக்கம் நிற்பவர்கள் நிறையப் பேர் செய்வதுதான், முதல் இரண்டு நிமிடம் சுகமாகவும் இருக்கும். ஆனால் ஃபர்னஸ் வாயிலிருந்து வருவது காற்றின் சூடு இல்லை, கதிர்ச்சூடு, வெயில் மாதிரி நேராக வந்து பாயும். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிலோவாட்தான், கசடு வாரும்போது நீங்கள் குனியும் அந்த வாய் அதைப்போல நூறு மடங்குக்கு மேல் வீசுகிறது. நனைந்த துணி அந்தச் சூட்டைக் குடிக்கும், தண்ணீர் ஆவியாகும், ஆவி உங்கள் கழுத்துத் தோலில் அடங்கும். காய்ந்த துணியைவிட நனைந்த துணி சூட்டை வேகமாகத் தோலுக்குக் கடத்தும். இட்லி வேகிற மாதிரிக் கழுத்து வேகும். கையுறைக்கும் இதே கணக்குத்தான், வியர்வையில் ஊறிய தோல் கையுறையோடு சூட்டுக் கம்பியைப் பிடிப்பவர் நொடியில் கையை உதறுவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் காயப்போடுங்கள். துண்டை நனைத்துத் துடைத்துக்கொள்வதெல்லாம் விலகி வந்து உட்காரும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அது நல்லதுதான்.

சில்வர் கோட்டு வேகிறது என்கிறீர்கள், வேகத்தான் செய்யும். அது காற்றுப் புகாத துணி, உங்கள் உடம்புச் சூட்டையும் உள்ளேயே வைக்கும். அந்தக் கோட்டின் வேலை ஒன்றே ஒன்று, வரும் கதிரைக் கண்ணாடி மாதிரித் திருப்பி அனுப்புவது. பளபளப்பாக இருக்கும்போது பெரும்பகுதியைத் திருப்பிவிடும். கிரீஸும் கரியும் ஏறிக் கறுத்துப்போனால், மடிப்பில் அலுமினியம் உரிந்துபோனால், அந்த இடம் திருப்பாது, உறிஞ்சும். ஆகவே ஷிஃப்ட் முடிந்ததும் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மெதுவாகத் துடைத்து, மடிக்காமல் ஹேங்கரில் தொங்கவிட வேண்டும். உடம்போடு இறுக்கமாக இருக்கும் சைஸும் வேண்டாம், இடையில் கொஞ்சம் காற்று நிற்கும் இடைவெளி வேண்டும். முக்கியமாக, அது எட்டு மணி நேரமும் போடும் கோட்டு இல்லை. கசடு வாரும்போது, சாம்பிள் எடுக்கும்போது, ஃபர்னஸைச் சாய்த்து லேடிலில் ஊற்றும்போது போடுங்கள், முடித்ததும் விலகி வந்து கழற்றுங்கள். உங்களைக் கோட்டோடு முழு ஷிஃப்டும் வாய்ப்பக்கம் நிற்கவைக்கிறார்கள் என்றால் தப்பு கோட்டில் இல்லை, ஆள் மாற்றுவதில் இருக்கிறது.

கோட்டுக்கு உள்ளே என்ன போடுகிறீர்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை. நான் அதைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறேன். கம்பெனி கொடுக்கும் யூனிஃபார்ம் பல இடங்களில் பாலியஸ்டர் கலந்தது, அயர்ன் பண்ண வேண்டாம், சீக்கிரம் காயும் என்று வாங்குகிறார்கள். வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். பேண்ட்டின் உள்மடிப்பிலிருந்து நாலைந்து நூலை உருவி, வாசலில் வைத்து இடுக்கியால் பிடித்துத் தீக்குச்சி காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனை வரும், விரலால் நசுக்கினால் சாம்பலாகும். பாலியஸ்டர் என்றால் சுருண்டு ஒரு கறுப்பு மணியாக நிற்கும், ஆறிய பிறகு தொட்டால் கல் மாதிரி இருக்கும். அந்த மணிதான் தீப்பொறி பட்டால் உங்கள் தொடைத் தோலில் ஒட்டும். உள்ளாடை, சாக்ஸ் வரைக்கும் முழுப் பருத்தியாக இருக்கட்டும். சாதாரணப் பருத்தியும் தீப்பிடிக்கும்தான், ஆனால் உருகி ஒட்டாது. மேலே போடுவது தீப்பிடிக்காதபடி பதப்படுத்திய பருத்தியாக இருந்தால் நல்லது.

நல்ல கோட்டிலும் பேண்ட்டிலும் உள்பக்கம் ஒரு லேபிள் தைத்திருப்பார்கள். அதில் ஐ.எஸ்.ஓ. 11612 என்று இருக்கிறதா பாருங்கள், கூடவே ஆங்கில எழுத்தும் எண்ணும் இருக்கும். 'சி' என்பது கதிர்ச்சூடு, 'டி' என்பது உருகிய அலுமினியம் தெறிப்பது, 'ஈ' என்பது உருகிய இரும்பு தெறிப்பது. எண் கூடக் கூடத் தாங்கும் அளவு கூடும். உங்களுக்கு வேண்டியது 'சி'யும் 'ஈ'யும். 'ஈ'யில் 3 இருந்தால் அந்தத் துணி சோதனையில் 200 கிராமோ அதற்கு மேலோ உருகிய இரும்பு கொட்டியதைத் தாங்கியிருக்கிறது என்று அர்த்தம். அலுமினியப் பவுண்டரிக்கு வாங்கிய கோட்டை இரும்பு ஃபர்னஸுக்குக் கொடுத்திருந்தால் 'டி' மட்டும் இருக்கும், இரண்டும் ஒன்றில்லை. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள், 200 கிராம் என்பது ஒரு சின்னக் கரண்டி அளவு இரும்பு. நான் சொன்ன அந்தப் பைப்பு வெடித்ததில் மேலே போனது பல கிலோ. எந்தக் கோட்டும் அதைத் தாங்கத் தைக்கப்படவில்லை.

கால் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். மழை என்றாலும் மேல்தளத்தில் ரப்பர் பூட்ஸ் வேண்டாம். பவுண்டரி பூட்ஸ் என்று கேட்டால் தோலில் கிடைக்கும், லேஸ் இருக்காது, அவசரத்தில் ஒரே இழுப்பில் கழற்றலாம். லேஸ் உள்ள ஷூதான் இருக்கிறது என்றால் மேலே தோல் கெய்ட்டர் கட்டி லேஸை மறையுங்கள். பேண்ட் எப்போதும் பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும், கீழே மடிக்கக்கூடாது. மடிப்பும் பாக்கெட்டும் இரும்பு வந்து உட்கார்ந்துகொள்ளும் கிண்ணங்கள். முகத்துக்கு ஷீல்டு, அதற்குள் நிறக் கண்ணாடி. வெறும் கண்ணால் குளத்தைப் பார்த்துப் பழகாதீர்கள். வருஷக்கணக்கில் அந்தக் கதிர் கண்ணில் பட்டால் புரை விழும். உலைக்காரர்களுக்கும் கண்ணாடி ஊதுபவர்களுக்கும் வரும் பழைய நோய் அது.

யாருக்காவது பட்டுவிட்டால், உருகிய இரும்பு கிடக்கும் பக்கம் தண்ணீரைக் கொண்டுபோகாமல், ஆளை அங்கிருந்து விலக்கி, எரிகிற துணியை அணைத்து, பூட்ஸையும் ஒட்டாத துணியையும் கழற்றி, குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் மெதுவாக ஓடவிடுங்கள். ஒட்டியதைப் பிய்க்க வேண்டாம். பேஸ்ட், மை, மாவு எதுவும் வேண்டாம். ஒருவர் தண்ணீர் விடும்போதே இன்னொருவர் 108ஐக் கூப்பிட வேண்டும்.

ஃபோர்மேனிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவருக்கும் ஹீட் கணக்கு கேட்கும் ஆள் மேலே இருக்கிறார். நாளைக்கு யார்டில் நசுங்கிய முனை உள்ள ஒரு பைப்பை எடுத்து, அவர் முன்னால் ஹேக்சாவால் அறுத்துக் காட்டுங்கள். கீழே ஒரு டப்பா வையுங்கள். வந்த தண்ணீரை ஒரு டம்ளரில் ஊற்றி அவர் மேஜையில் வைத்துவிட்டு, மேலே நான் போட்ட கணக்கை அவரிடம் காட்டுங்கள். அதற்குப் பிறகும் கூடையில் மூடிய பைப்பு வருகிறது என்றால், அந்தக் கூடையை நீங்கள் தூக்க வேண்டியதில்லை, பாலக்காட்டில் இருக்கும் கேரள அரசின் ஃபாக்டரீஸ் அண்ட் பாய்லர்ஸ் ஆபீஸுக்குத் தேதி, ஷிஃப்ட், நடந்ததை எழுதிக் கொடுங்கள். போன வாரம் அடித்ததையும் தேதியோடு இப்போதே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கோட்டு லேபிளைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.